எச்சரிக்கை விடுக்கப்பட வேண்டும்

அணைக்கட்டு அலுவலகத்தில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கடிதப் பிரிவில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் அவள் 'கடிதக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அணையின் கதவுகளை ஏற்றி இறக்குகிற ஷட்டர்காரருக்கு ஓய்வு பெறுகிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தலை முழுக்க நரை. அவரும், "கடிதக்கா, டீ வந்துடுச்சா?" என்றுதான் எட்டிப் பார்ப்பார். "உங்களுக்கு நான் அக்காவாண்ணே?" என்று அவள் கேட்டால், "கையெழுத்து வாங்குற இடத்துல இருக்கறவங்க எல்லாரும் எனக்கு அக்காதான்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு எழுத வராது. வராது என்றால், அலுவலகம் எழுதுகிற மாதிரி எழுத வராது. முதல் கடிதத்தில் 'கால்வாயில் அடைப்பு இருந்தது, ஆட்கள் போய் எடுத்தார்கள்' என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். அன்றைய கண்காணிப்பாளர் வாய்விட்டுச் சிரித்து, 'கால்வாயில் காணப்பட்ட அடைப்பு அகற்றப்பட்டது' என்று திருத்திக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது அவளை அந்தப் 'பட்டது'. பெறப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, ஆவன செய்யப்படும். பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்த அதே விஷயம் இப்போது சோறு போட்டது. அந்த நடையில் எழுதினால் யாரும் யாரோடும் சண்டைக்கு வரமாட்டார்கள். வேலைகள் தாமாக நடந்து முடிந்ததுபோல் தாள் அமைதியாக இருக்கும். வருஷங்கள் போகப்போக அது நாக்கிலும் ஏறிவிட்டது. வீட்டில் ஏதாவது கைதவறி உடைத்துவிட்டால், "டம்ளர் உடைஞ்சிடுச்சுங்க" என்பாள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் கணவன், "தானா குதிச்சுதா, இல்ல பக்கத்து டம்ளர் தள்ளிவிட்டுச்சா?" என்பான்.

அவள் வாழ்க்கை அதுவரை பயம் அறியாத வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயங்கள் சின்னவை: மகளின் பரீட்சை, கணவனின் முதுகுவலி, மேலதிகாரி வருகிற நாள். அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் நாள் முழுக்கக் கூடவே நடக்கிற பயம் எப்படியிருக்கும் என்பது, அந்த மழைக்காலத்து மத்தியானத்தில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

பொறியாளர் மேல்கால்வாயைப் பார்வையிடப் போயிருந்தார். அங்கிருந்து அவருடைய போன் வந்தது. மலைப்பக்கம் கொட்டிய மழையில் நீர்வரத்து ஏறிவிட்டதாம். "ரெண்டு ஷட்டரையும் ரெண்டடி திறக்கச் சொல்லுங்கம்மா. கீழ் நிலையத்துக்கும் தகவல் போயிடட்டும்."

கீழ் நிலையம் என்பது ஆறு திரும்புகிற இடத்தில் இருந்த ஒற்றை அறை. அங்கே ஒரு காவலாளி, ஒரு போன், கூரைமேல் ஒரு சைரன். ஆற்றுப் படுகையில் வெள்ளரியும் தர்பூசணியும் போட்டிருந்தவர்கள் அந்தச் சைரனை நம்பித்தான் மணலில் இறங்கியிருந்தார்கள்.

அவள் போனைப் போட்டாள். மணி அடிக்கவே இல்லை, வெறும் இரைச்சல். மறுபடி போட்டாள். அதே இரைச்சல். பொறியாளரைக் கூப்பிட்டு, "சார், கீழ லைன் கிடைக்கல" என்றாள். அந்தப் பக்கம் காற்றும் யாரோ கத்துகிற சத்தமும் கேட்டது. "சரி சரி, நான் பாத்துக்கறேன். நீங்க ஷட்டரைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அவள் அணைமேல் இருந்த ஷட்டர் அறைக்கு உள்போனில் சொன்னாள். ஷட்டர்காரர் கேட்டார்: "கீழே சொல்லியாச்சா?"

"சார் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாருண்ணே."

"அப்ப சரி."

கதவுகள் ஏறின. அந்த இரைச்சல் அலுவலகத்து ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நடுங்கியது. வழக்கமாக அவளுக்குப் பிடித்த சத்தம் அது. அன்றைக்கும் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு வந்து, பாதியில் விட்ட கோப்பை எடுத்துவைத்துக்கொண்டாள்.

சைரன் ஊதவில்லை. பொறியாளர் மேல்கால்வாய்க் கரை உடைகிற அவசரத்தில் கீழ் நிலையத்தை மறந்துபோனார். காவலாளிக்கு எதுவும் தெரியாது. அவன் போன் செத்துக்கிடந்தது. படுகையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்த வேகத்தில் தம்பி மோட்டார் கொட்டகையின் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கை முறிந்தாலும் பிழைத்தான். அண்ணனுக்குப் பிடிக்க எதுவும் அகப்படவில்லை. சாயங்காலம் பாலத்தடியில் அவர் உடல் கிடைத்தது.

செய்தி வந்தபோது அவள் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளால் முடியவில்லை. காதுக்குள் அந்த இரைச்சல், ஒலிக்காத போனின் இரைச்சல், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை போட்டிருக்கலாம். ஜீப் வெளியேதான் நின்றது, டிரைவரை அனுப்பியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

மறுநாள் மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டு உத்தரவு வந்தது. பொறியாளர் கதவைச் சாத்திக்கொண்டு வரைவு எழுதி, அவளிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவள் கணவன் முதுகுவலி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விடுப்பு விண்ணப்பத்தைக்கூடக் கேட்காமல் அனுப்பிவைத்தவர். அன்றைக்கு அவர் சட்டையைப் பார்த்தாள். பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

அவள் தட்டச்சு செய்தாள். 'நீர்வரத்து அதிகரித்ததால் ஷட்டர்களைத் திறக்க முடிவு செய்யப்பட்டது. உரிய உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. கீழ் நிலையத்துக்குத் தகவல் தெரிவிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது. எனினும் விஷமிகள் தொலைபேசிக் கம்பியைத் துண்டித்துவிட்டனர். இந்நிலையில் ஷட்டர் இயக்குபவர், எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் ஷட்டர்களைத் திறந்தார்.'

விரல் நின்றது. அவள் எத்தனையோ ஆயிரம் கடிதங்கள் அடித்திருப்பாள். ஆனால் ஒரு கடிதத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தாள். முடிவு செய்யப்பட்டது, செய்தவர் இல்லை. உத்தரவு பிறப்பிக்கப்பட்டது, பிறப்பித்தவர் இல்லை. நடவடிக்கை எடுக்கப்பட்டது, எடுத்தவர், அதாவது அவள், இல்லை. அந்தத் தாள் முழுக்க இரண்டே தரப்பு மட்டும் ஏதோ செய்தது: முகம் தெரியாத விஷமிகள் ஒரு தரப்பு, ஷட்டர்காரர் இன்னொரு தரப்பு. அடையாளம் தெரிகிற ஒருவரை எழுவாயாக வைத்து, 'திறந்தார்' என்று முடித்தது அவருடைய வாக்கியம் மட்டும்தான்.

ஒரு வரிகூடப் பொய்யில்லை என்று சொல்லிவிடலாம், அந்த விஷமிகளை விட்டுவிட்டால். அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

ஷட்டர்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சம்பவத்துக்குப் பிறகு அவர் யாரோடும் கேலி பேசவில்லை. அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது கேட்டார்: "அடிச்சு முடிச்சாச்சா?"

"ம்."

"அதுல நான் எத்தன எடத்துல வர்றேன்?"

பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "ஒரு எடத்துலதாண்ணே."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒண்ணுதானா? பரவால்ல. சாரு எத்தன எடத்துல வர்றாரு?"

அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது முதுகில் அவர் பார்வை ஊன்றியிருப்பது தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் சொன்னாள். வழக்கம்போல ஏதாவது நக்கல் செய்வான், மனசு கொஞ்சம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். அவன் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"அதுல நீ இருக்கியா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. தெய்வம் பாத்து உன்ன விட்டிருக்கு."

"அந்த மனுஷன்..."

"அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர்மென்ட். உனக்கு? புள்ள இன்னும் படிச்சு முடிக்கல. ஆளு செத்திருக்காரு, தெரியுதா? போலீஸு, கோர்ட்டுன்னு போனா யாரு அலையறது?" அவன் குரல் நடுங்கியது. தன்னைவிட அவன் பயந்திருக்கிறான் என்பதைப் பார்த்ததும் அவள் பயம் இரட்டிப்பானது. மகள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வானம் மறுபடி கறுத்திருந்தது. பொறியாளர் இன்னும் வரவில்லை. அறிக்கையோடு இணைக்க வேண்டிய நிலையான சுற்றறிக்கையின் நகலை அவள் தேடி எடுத்தாள். யார் எழுதியதோ, அவளுக்கும் முந்தைய காலத்தது. பழுப்பு ஏறும்போதெல்லாம் அவளே புதிதாக அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதில் அந்த வரி இருந்தது: 'ஷட்டர்களைத் திறக்கும் முன் கீழ்ப்பகுதி மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட வேண்டும்.'

இவ்வளவு காலம் அது அவளுக்கு நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது. இப்போது அதை உதட்டை அசைத்துப் படித்தாள். யார் விடுக்க வேண்டும்? பொறியாளர், அலுவலகம் விடுக்கும் என்று நினைத்தார். அவள், பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். ஷட்டர்காரர், விட்டாகிவிட்டது என்று நினைத்தார். காவலாளி, யாராவது சொன்னால் ஊதலாம் என்று காத்திருந்தான். எல்லோருமே சுற்றறிக்கையின்படிதான் நடந்திருந்தார்கள்.  மேகம் கறுத்துக்கொண்டிருக்கிறது, அந்த வரி இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் உட்கார்ந்து அறிக்கையைப் புதிதாக அடித்தாள். தைரியம் வந்து செய்த காரியமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

பொறியாளர் வந்ததும் இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தாள். தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "சார், இன்னொரு மாதிரியும் அடிச்சிருக்கேன். பாருங்க."

அவர் படித்தார். 'ஷட்டர்களை இரண்டடி திறக்குமாறு நான் உத்தரவிட்டேன்' என்ற முதல் வரியிலேயே அவர் கழுத்து சிவந்தது.

"யாரு சொன்னா உங்கள மாத்தச் சொல்லி?"

"யாரும் சொல்லல சார்."

"என்ன மாட்டிவிடப் பாக்கறீங்களா?"

"இல்ல சார்." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தாள்ல ஷட்டர் அண்ணன் மட்டும்தான் சார் ஏதோ செஞ்ச மாதிரி இருக்கு. நாம யாருமே எதுவுமே செய்யாத மாதிரி. படிக்கறவங்க அவர மட்டும்தான் பாப்பாங்க."

"ஆபீஸ் நடை அதுதானேம்மா! நீங்களே இத்தன வருஷம் அப்படித்தானே எழுதினீங்க?"

 அவர் மேலே படித்தார். ஓரிடத்தில் விரல் வைத்து நிறுத்தினார். "இது என்ன? 'தொலைபேசிக் கம்பி வெட்டப்பட்டிருந்தது.' இங்க மட்டும் ஆள் எங்க? விஷமிகள எடுத்துட்டீங்களே?"

"லைன்மேன் வந்து பாத்தாரு சார். எலி கடிச்சதில்ல, ஏதோ ஆயுதம் பட்ட வெட்டுன்னாரு. அவ்வளவுதான் தெரியும். வேணும்னே வெட்டினாங்களா, தோண்டும்போது மண்வெட்டி பட்டுச்சா, யாருன்னு நமக்குத் தெரியாது. தெரியாத எடத்துல ஆள வைக்க முடியுமா சார்? அடுத்த வரியில 'வெட்டியவர் யார் என்று தெரியவில்லை'ன்னு போட்டிருக்கேன்."

"அப்ப இது? 'விவசாயி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்'?"

"அது... அந்த வரி அவரப் பத்தினது சார். அங்க அவருதான் முன்னால நிக்கணும். தண்ணிய யாரு விட்டதுன்னு மேலேயே சொல்லிட்டோமில்ல?"

 கோபம் வடிந்து, அதற்குப் பதிலாக வேறொன்று அவர் முகத்தில் வந்தது. அவரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார் என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.  மறுபடி தாளின் மேல்பகுதிக்குப் போய்ப் படித்தவர், தலையைத் தூக்காமலே மெல்லக் கேட்டார்:

"இந்த வரிய நீங்க படிங்கம்மா."

அவள் குனிந்து படித்தாள். 'கீழ் நிலையத்தைத் தொடர்புகொள்ள முயற்சி மேற்கொள்ளப்பட்டது.'

"யாரு முயற்சி பண்ணாங்க?"

 அவரை எழுவாயாக நிறுத்தியிருந்தாள், ஷட்டர்காரரை நிறுத்தியிருந்தாள், தன்னை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கைப்பழக்கம் செய்தது, பயம் அதற்குத் துணை போனது. சத்தியமாக அதை அவள் கவனிக்கவே இல்லை.

"நான்தான் சார்" என்றாள்.

"எத்தன தரம்?"

"ரெண்டு தரம். அப்புறம் போடல."

"நானும் போடல" என்றார் அவர். அந்த அறையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். கோபித்துக்கொள்ளக்கூட யாருமில்லாத நிலை அது.

அந்த நேரத்தில்தான் மலையடியில் நீர்வரத்து பார்க்கிற மேல்நிலையத்திலிருந்து போன் அலறியது. பொறியாளர் எடுத்தார். கேட்கக்கேட்க அவர் எழுந்து நின்றுவிட்டார். மலையில் இரவெல்லாம் பெய்த மழை மொத்தமாக வந்துகொண்டிருக்கிறது. மறுபடி ஷட்டரைத் திறக்க வேண்டும்.

படுகையில் ஆட்கள் இருந்தார்கள். செத்தவரின் சொந்தக்காரர்கள், வெள்ளம் அடித்துப்போனது போக மிஞ்சிய கொடிகளையும் மோட்டாரையும் எடுக்க மணலில் இறங்கியிருந்தார்கள். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பொறியாளர் குடையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார். ஓடுகிற வேகத்தில் திரும்பி, "கீழ எச்சரிக்கை போயிடணும்மா!" என்றார்.

அவள் வாய் அவளை மீறித் திறந்தது. "யாரு சார் சொல்லணும்?"

அவர் வாசற்படியில் அப்படியே நின்றார். மழைத் தூறல் அவர் கண்ணாடிமேல் விழுந்தது. ஒரு விநாடி அவளை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்.

"நீங்க கீழ் நிலையத்துக்குப் போன் பண்ணுங்க. எடுக்கலன்னா டிரைவர் ஜீப்ல போய் காவலாளிகிட்ட நேர்ல சொல்லணும். காவலாளி சைரன் ஊதணும், ஆள் மேல ஏறினதப் பாக்கணும். பாத்துட்டு டிரைவர் எனக்குச் சொல்லணும். அவரு சொன்னப்புறம் நான் ஷட்டரத் திறக்கச் சொல்லுவேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

அவள் போனைப் போட்டாள். கம்பியை ஒட்டியிருந்தார்கள், இந்த முறை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.  மறுபடி போட்டாள். மறுபடி. பிறகு ரிசீவரை மேசையிலேயே போட்டுவிட்டு மழையில் ஓடிப்போய் ஜீப்பின் கதவைத் தட்டினாள். "எடுக்கல! நீங்க போங்க, சீக்கிரம் போங்க! சைரன் ஊதி, ஆளெல்லாம் ஏறினதப் பாத்துட்டு சாருக்குச் சொல்லுங்க!"

ஜீப் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு பறந்தது. அவள் திரும்பிப் போய் விடாமல் போனைப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியே அணைமேல் இரண்டு உருவங்கள் தெரிந்தன. பொறியாளர் அளவுகோல் கம்பத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஷட்டர்காரர், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் கதவின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. திறந்தால் ஆற்றில் இருப்பவர்கள் போய்விடுவார்கள். திறக்காவிட்டால்? கதவுக்கு மேல் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. கும்பிடத் தோன்றியது, கைகள் இரண்டும் போனில் இருந்தன.

அப்போது, மழையின் ஊடே, வெகுதொலைவில் யாரோ அழுகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம் எழுந்தது. எழுந்து, வளர்ந்து, நின்றது. மறுபடி எழுந்தது. சைரன்.

ரிசீவர் அவள் கைநழுவி மேசைமேல் விழுந்தது. சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேசைமேல் ரிசீவரில் காவலாளியின் குரல் "ஹலோ, ஹலோ" என்றது. கூரைத் தகரம் பறந்துவிட்டதென்று கட்டப் போயிருந்தானாம். அவள் தவழ்ந்துபோய் அதை எடுத்தாள். "எல்லாரும் ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டிருக்காங்கக்கா. டிரைவரு மணல்ல எறங்கிக் கத்திட்டிருக்காரு. ஒரு கெழவர் மோட்டார விட்டு வரமாட்டேங்கறாரு... இருங்க... தூக்கிட்டாரு. தூக்கியே தூக்கிட்டாரு!"

டிரைவர் பொறியாளருக்குப் போனில் உறுதி சொன்ன பிறகுதான் கதவுகள் எழும்பிய இரைச்சல் வந்தது.

பொறியாளர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். துண்டை நீட்டியவளிடம், "அந்தத் தாள எடுங்க" என்றார். நின்றபடியே அந்த 'முயற்சி' வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினார்: 'அலுவலக எழுத்தர் கீழ் நிலையத்தை இரண்டு முறை அழைத்தார். இணைப்பு கிடைக்கவில்லை என்று என்னிடம் தெரிவித்தார். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அதன் பிறகு நான் அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. ஷட்டர் இயக்குபவர் என் உத்தரவின்படி ஷட்டர்களைத் திறந்தார்.' எழுதிவிட்டு அவளைப் பார்த்தார். "இருக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல உடம்பெல்லாம் துடித்தது. மகள் முகம் வந்தது, கணவனின் நடுங்கிய குரல் வந்தது. "இருக்கட்டும் சார்" என்றாள்.

அதோடு பயம் விட்டுப்போயிற்றா என்றால் இல்லை. அறிக்கை போன பிறகு தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கணவன் சில நாள் அவளோடு பேசவில்லை, பேச ஆரம்பித்ததும், "சரி, நாளைக்கு என்ன சொல்லுவாங்க?" என்றுதான் ஆரம்பித்தான். விசாரணை வந்தது. பொறியாளரின் ஊதிய உயர்வை நிறுத்தி, அவரைத் தூரத்துக்கு மாற்றினார்கள். ஷட்டர்காரர்மேல் குற்றமில்லை என்று முடிவானது. அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கு அவள் எழுதிய பதில் அரைப்பக்கம்கூட வராது. ஒவ்வொரு வாக்கியமும் 'நான்' என்று தொடங்கியது. எழுதி முடித்துப் பார்த்தபோது, சட்டையில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. கடும் எச்சரிக்கையோடு அவளை விட்டார்கள். சுவரிலிருந்த சுற்றறிக்கை மாறியது. மாற்றலாகிப் போகிற அன்று அதைப் பொறியாளரே கையெழுத்திட்டுக் கொடுத்தார்: யார் அழைக்க வேண்டும், அழைப்பு போகாவிட்டால் யார் நேரில் போக வேண்டும், யார் ஊத வேண்டும், யார் உறுதி சொன்ன பிறகு யார் திறக்க வேண்டும் என்று.

அதன்பின் ஒருநாள் மத்தியானம், அவள் மேசைக்கு முன்னால் ஒருவன் வந்து நின்றான். இடது கையில் இன்னும் கட்டு. யாரென்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அறிக்கையின் நகல் ஒன்று வேண்டும் என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் அங்கேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். அலுவலகத்தில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

ஓரிடத்தில் நிறுத்தி, கட்டுப் போட்ட கையால் அந்த வரியைக் காட்டினான். "இந்த அலுவலக எழுத்தர்னு போட்டிருக்கே. அது யாரு?"

ஓடிவிடலாம் போலிருந்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது.

"நான்தான்" என்றாள்.

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். திட்டவில்லை. அழவும் இல்லை. நான்காக மடித்துத் தாளைச் சட்டைப் பையில் வைத்தான். "அண்ணி கேட்டாங்க. யாரு என்ன செஞ்சாங்கன்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்களேன்னு தெனமும் கேட்டாங்க. போய்ப் படிச்சுக் காட்டணும்" என்றான்.

அவன் வராந்தாவைத் தாண்டி, படியிறங்கி, ரோட்டைக் கடந்து போகிற வரைக்கும் அவள் எழுந்து நின்றபடியே இருந்தாள்.